“ஒரு சதவீதம்தான் குறையும்” என்றால் எழுதிக் கேளுங்கள்

மாத வட்டி வாங்கும் நிலை வைப்பை நடுவில் உடைக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். அசலே குறைந்து கையில் வரும் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஐந்து லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்கு 7.2 சதவீத வட்டியில் போட்டிருந்தேன். மாதம் 3,000 ரூபாய் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. “அவசரம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் சார், ஒரு சதவீதம்தான் அபராதம்” என்று போடும்போதே அதிகாரி உறுதி கொடுத்திருந்தார். ஏழு மாதம் முடிந்ததும் பணம் தேவைப்பட்டது. 7.2இல் ஒன்று போக 6.2 சதவீதமாவது நிற்கும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

கணக்கில் வந்தது 4,92,125 ரூபாய்.

அந்த ஒரு சதவீதம் 7.2இலிருந்து கழிக்கப்படவில்லை. பணம் எத்தனை காலம் வங்கியில் இருந்ததோ, அந்தக் காலத்துக்கு வைப்புப் போட்ட நாளில் என்ன விகிதம் இருந்தது என்று பார்க்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் என்றால் அன்று 5.5 சதவீதம். அபராதத்தைக் கழித்தால் 4.5. ஏழு மாதத்துக்கு எனக்குச் சேர வேண்டிய வட்டி 13,125 ரூபாய்தான். ஆனால் 21,000 ரூபாய் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கூடுதலாகப் போன 7,875 ரூபாயை அசலில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சதவீத அபராதம் என்று பெயர். ஒப்பந்த விகிதத்திலிருந்து உண்மையில் இறங்கியது 2.7 சதவீதம்.

விதி படிவத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. பொடி எழுத்தில், “வைப்பு இருந்த காலத்துக்குப் பொருந்தும் விகிதம்” என்று. வாயால் சொல்லும்போது மட்டும் அந்தப் பாதி எப்படியோ விழுங்கப்பட்டுவிடுகிறது.

இதைவிட எரிச்சலூட்டியது வேறு. எனக்கு வேண்டியிருந்தது இரண்டு லட்சம், அதுவும் ஐந்து மாதத்துக்கு. வைப்பின் மீதே கடன் வாங்கியிருக்கலாம். அதே வங்கியில் அதற்கு வட்டி, வைப்பு விகிதத்தைவிட ஒரு சதவீதம் அதிகம், அதாவது 8.2. ஐந்து மாதத்துக்கு ஏறக்குறைய 6,833 ரூபாய். பிடித்தம் செய்த தொகையைவிடக் குறைவு. ஐந்து லட்சமும் 7.2இலேயே தொடர்ந்திருக்கும். வைப்பை மூடும் படிவத்தை நீட்டியவர் இந்த வழியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுமுன், இன்று மூடினால் எந்த விகிதம், மொத்தம் எவ்வளவு கைக்கு வரும், கொடுத்த வட்டியில் எவ்வளவு திரும்பப் பிடிப்பார்கள் என்று கணக்கிட்டுத் தாளில் தரச் சொல்லுங்கள். ஓராண்டு நிறைய சில நாட்களே இருந்தால் அடுத்த கால அடுக்கின் விகிதத்தையும் கேளுங்கள். புதிதாகப் போடுபவர்கள் ஒரே ரசீதாகப் போடாமல் ஐந்து ரசீதுகளாகப் பிரித்துப் போட்டால், தேவைப்பட்ட இரண்டை மட்டும் உடைக்கலாம். மற்ற மூன்றின் வட்டி தொடாமல் ஓடும்.