புது லேபிள் ஒட்டிய பழைய பேட்டரி: 38,500 ரூபாய் எரிந்து போனது, கடைக்காரர்களே கவனம்

தக்கலைப் பக்கம் மொபைல் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். போன வாரம் என் மேசையில் ஒரு புது பேட்டரி உப்பி, தீப்பிடித்து எரிந்தது. நஷ்டம் 38,500 ரூபாய். அதை எனக்கு விற்ற விநியோகஸ்தர் இதுவரை தருவதாகச் சொல்லியிருப்பது ஒரே ஒரு மாற்று பேட்டரி. அதுவும் அதே ரகத்தில். இந்த மாவட்டத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கும், கடையில் பேட்டரி மாற்றிக்கொள்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விநியோகஸ்தர் நாகர்கோவில்காரர். பெயரை எழுதப்போவதில்லை. டிஸ்பிளே, சார்ஜிங் போர்டு, பேட்டரி என்று கடை கடையாகச் சரக்குப் போடுபவர் என்பது போதும். அவருடைய ஆள் பைக்கில் இரண்டு பெரிய பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வாராவாரம் வருவான். வந்தால் டீ குடிக்காமல் போகமாட்டான். என் மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அடுத்த முறை நலம் விசாரித்தவன். அவன்தான் ஒரு வெள்ளைப் பெட்டியை மேசையில் வைத்து, "அண்ணாச்சி, இது கம்பெனிக்குப் போகிற அதே சரக்கு. ஆறு மாதம் வாரண்டி. வேண்டுமானால் மீட்டர் வைத்துப் பாருங்கள்" என்றான். வைத்துப் பார்த்தேன். பத்து பேட்டரியிலும் 3.8 வோல்ட் காட்டியது. புதுச் சரக்கு அப்படித்தான் காட்ட வேண்டும். லேபிளில் இந்த ஆண்டுத் தேதி. ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண்ணும், கீழே R- என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தன. ஒன்று 650 ரூபாய் வீதம் பத்தும் வாங்கினேன். கையில் கொடுத்தது எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு. "ஜிஎஸ்டி பில் மாதக் கடைசியில் மொத்தமாக வரும் அண்ணாச்சி." அந்த மாதக் கடைசி இன்னும் வரவில்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் போனைக் கொண்டுவந்தார். விடியும் முன்பே வெட்டுக்குப் போகிறவர். சார்ஜ் நிற்கவில்லை, பாதியிலேயே அணைந்துவிடுகிறது என்றார். பழைய பேட்டரியைக் கழற்றி, வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒன்றை மாட்டி, பின்மூடியை ஒட்டாமல் மேலே வைத்து, அந்தப் போனுடன் வந்த சார்ஜரிலேயே போட்டேன். மூடியை ஒட்டுவதற்கு முன் சிறிது நேரம் சார்ஜில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். அரை மணி நேரம் ஆகியிருக்காது. மூடி ஒரு பக்கமாக மேலே எழும்பியிருந்தது. கிட்டப் போனால், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் திறந்து வைத்ததுபோல ஓர் இனிப்பு வாடை. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் கசிந்தால் வருகிற வாடை அது. சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் அது நிற்கவில்லை. உறை விரிந்து, ஓர் ஓரம் பிளந்து, முதலில் வெள்ளைப் புகை சீறியது. அதைத் தொடர்ந்து தீ.

வாளி மணலை அள்ளிக் கொட்டினேன். தீச்சுவாலை அடங்கியது, ஆனால் மணலுக்கு அடியில் சூடு தணியவில்லை. மீண்டும் மீண்டும் புகைந்தது. மணல் காற்றைத் தடுக்கும், சூட்டைக் குறைக்காது. தண்ணீர் ஊற்றலாமா என்று பலருக்கும் பயம். இந்த பேட்டரிக்குள் லித்தியம் உலோகக் கட்டியாக இல்லை. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பதுதான் சரி. பக்கத்துப் பேக்கரி அண்ணன் குடத்தோடு ஓடிவந்தார். அதற்குள் இன்னொரு வாடிக்கையாளரின் போன், மைக்ரோஸ்கோப், அடுக்கி வைத்திருந்த டிஸ்பிளேக்கள் எல்லாம் கருகிவிட்டன. கடை முழுக்கப் புகை. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு இருக்கும். தொண்டை எரிந்ததும் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு 101-ஐ அழைத்தேன்.

கணக்கு: எரிந்த போனுக்குப் பதில் போன் 14,500. பக்கத்தில் இருந்த போனுக்கு 9,000. மைக்ரோஸ்கோப் 8,500. டிஸ்பிளேக்கள் 6,500. ஆக 38,500 ரூபாய். மேசையும் சுவரும் கரியானதை நான் சேர்க்கவே இல்லை.

மீதி ஒன்பது பேட்டரிகளையும் அன்று இரவே எடுத்துப் பார்த்தேன். ஒன்றின் லேபிளை நகத்தால் மெதுவாக உரித்தால், அதற்கு அடியில் இன்னொரு லேபிள். அதில் மூன்று ஆண்டுக்கு முந்தைய தேதி. வாங்கியபோது 3.8 காட்டியவற்றில் நான்கு இப்போது 3.2-க்கும் கீழே. யாரும் பயன்படுத்தாமல் பெட்டியிலேயே கிடந்தவை அவை. நல்ல பேட்டரி சும்மா கிடந்தால் வாரத்துக்கு ஒரு வோல்ட்டில் நூறில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இறங்காது. இப்படி இறங்குகிறது என்றால் உள்ளேயே மின்சாரம் கசிகிறது.

தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேட்டரி ஆண்டுக்கணக்கில் குடோனில் கிடந்தால் சார்ஜ் தானாக வடிந்துகொண்டே போகும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் பேட்டரியின் தலையில் இருக்கும் சிறிய பாதுகாப்பு போர்டு இணைப்பைத் துண்டித்துவிடும். மீட்டர் வைத்தால் பூஜ்ஜியம் காட்டும். அதற்குப் பிறகும் கிடந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். செத்துப்போன அந்த பேட்டரியை ஆக்டிவேஷன் போர்டில் வைத்து வலுக்கட்டாயமாக எழுப்பினால், கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் மெல்லிய தாளைத் துளைக்கும். உள்ளுக்குள்ளேயே ஷார்ட். பாதுகாப்பு போர்டு வெளியிலிருந்து வரும் அதிக சார்ஜைத் தடுக்கும். உள்ளே நடக்கும் ஷார்ட்டை அதனால் தடுக்க முடியாது. அதனால்தான் நான் சுவிட்சை அணைத்தும் தீ நிற்கவில்லை. இறந்துபோன சரக்கை எழுப்பி, 3.8-க்கு ஏற்றி, புதுத் தேதி ஒட்டி விற்றிருக்கிறார்கள். இதை விநியோகஸ்தர் செய்தாரா, அவருக்கு மேலே இருப்பவர் செய்தாரா என்பது எனக்குத் தேவையில்லை. பணம் வாங்கியது இவர்.

இனி அவர்களுடைய பதில்களைக் கேளுங்கள். முதலில் பைக்கில் வரும் ஆள்: "போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள் அண்ணாச்சி, முதலாளியிடம் பேசுகிறேன்." போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். முதலாளியைப் பிடித்தபோது, "எரிந்த பேட்டரியை கூரியரில் அனுப்புங்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம்" என்றார். எரிந்த லித்தியம் பேட்டரியை எந்த கூரியர்காரர் வாங்குவார்? வாங்கினாலும் என்னிடம் இருக்கும் ஒரே சாட்சியையும் அல்லவா கேட்கிறார்! நேரில் போனேன். "சார்ஜர் கோளாறாக இருக்கும்" என்றார். போனுடன் வந்த சார்ஜர் என்றேன். "வாரண்டி என்பது பேட்டரிக்குத்தான், மற்ற சாமானுக்கு இல்லை. ஒரு பீஸ் மாற்றித் தருகிறேன்" என்று அலமாரியிலிருந்து அதே வெள்ளைப் பெட்டியை எடுத்தார். 38,500 ரூபாய்க்குப் பதில் 650 ரூபாய்ச் சரக்கு, அதுவும் இன்னொரு தீ வைக்க. உரித்த லேபிளைக் காட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை.

தீயணைப்பு நிலையத்தில் நடந்தது வேறு விதம். வந்த வீரர்கள் நல்ல மனிதர்கள். தீ அணைந்திருந்தாலும் எரிந்த போனை மணலோடு வெளியே எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, இரவில் கடைக்குள் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அறிக்கை கைக்கு வந்தபோது காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: மின்கசிவு. கேட்டதற்கு, "கடைக்குள் தீ என்றால் அப்படி எழுதுவதுதான் வழக்கம்" என்றார் எழுதியவர். திருத்த வேண்டுமானால் மேலதிகாரிக்கு மனு கொடுக்க வேண்டுமாம். லேபிள் படங்களோடு கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. இதற்கிடையில் அந்த ஒரு சொல் விநியோகஸ்தருக்கு வரப்பிரசாதம். "உங்கள் கடை வயரிங் சரியில்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதே" என்று என்னிடமே சொல்கிறார்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினேன். மறுவிற்பனைக்காக வாங்குபவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்றார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பால் வெட்டும் அண்ணன் நுகர்வோர். அவர் என் மீது வழக்குப் போடலாம்! அவர் போடவில்லை. புது போனை வாங்கிக்கொண்டு, "உங்களுக்குக் கையில் சுடவில்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு இருப்பது சிவில் நீதிமன்றம், அதற்கு பில் வேண்டும், பில்லுக்குப் பதில் என்னிடம் துண்டுச் சீட்டு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த R- எண்ணைப் போட்டுப் பார்த்தேன். லேபிளில் உள்ள பெயர் ஒன்று, செயலி காட்டும் நிறுவனம் வேறொன்று. அதிலேயே புகாரும் போட்டிருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். கோபத்தில் அத்தனையும் எழுத வரவில்லை, இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மீட்டரில் ஒருமுறை பார்த்து நம்பாதீர்கள். தேதி போட்டு எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள், இறங்கியிருந்தால் திருப்பிவிடுங்கள். லேபிள் ஓரம் தடித்திருந்தால் உரித்துப் பாருங்கள். R- எண்ணைச் செயலியில் போட்டுப் பாருங்கள். பில் இல்லாமல் பேட்டரி வாங்காதீர்கள். உப்பியதை அமுக்கவோ, ஊசியால் குத்திக் காற்றை இறக்கவோ கூடாது. தீ பிடித்தால், அறிக்கை எழுதும் முன்பே பேட்டரியைக் காட்டிக் காரணத்தைச் சொல்லி, அதை எழுதச் சொல்லுங்கள்.

வெள்ளைப் பெட்டி, தயாரிப்பாளர் பெயர் கிடையாது, மேலே தங்க எழுத்தில் ஹை கெப்பாசிட்டி என்று இருக்கும். அந்த ஆள் நேற்று அழகியமண்டபம் பக்கம் கடைகளுக்குப் போயிருக்கிறான் என்று கேள்வி. வாங்கியவர்கள் இன்றே எடுத்துப் பாருங்கள்.