படமா, கூடையா, படகா, நாளா? பயிற்சிக்கும் சோதனைக்கும் மீன் படங்களைப் பிரிக்கும் நான்கு வழிகள்

புதுச்சேரியில் ஒரு சிறு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த படங்களைக் கொண்டு கூடையில் இருப்பது எந்த மீன் என்று சொல்லும் ஒரு மாடலை உருவாக்குவது. மத்தி, நெத்திலி, கானாங்கத்தை, சங்கரா, பாறை, வஞ்சிரம் என ஆறு வகைகள். ஒரு கூடையில் ஒரே வகை மீன்தான் இருக்கும். மொத்தம் 20 காலைகள் படம் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு காலையும் 3 படகுகள், படகுக்கு 5 கூடைகள், கூடைக்கு வெவ்வேறு கோணங்களில் 8 படங்கள் என்று 2,400 படங்கள் கையில் இருந்தன. இவற்றில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 480 படங்களைச் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். எதன்படி ஒதுக்குவது என்பதில் நான்கு வழிகள் உண்டு. நான்கும் நான்கு வெவ்வேறு மதிப்பெண்களைத் தந்தன.

முதல் வழி, scikit-learn என்ற பைதான் நூலகத்தில் எல்லோரும் முதலில் எழுதும் `train_test_split`. படங்களைக் குலுக்கி, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் அது பிரித்துக் கொடுத்தது. மாடல் 97 சதவீதம் சரியாகச் சொன்னது. அந்த எண்ணை நம்பலாமா என்பதை ஒரு சிறு கணக்கே சொல்லிவிடும். சோதனைக்குச் சென்ற ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கூடையின் மற்ற 7 படங்களும் சோதனைப் பக்கத்துக்கே சென்றிருந்தால்தான் மாடல் அந்தக் கூடையை முன்பின் பார்க்காதது என்று கூற முடியும். அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 0.2-இன் ஏழாம் அடுக்கு, அதாவது 0.0000128. ஆகவே 480 சோதனைப் படங்களில் ஒன்றுகூட அப்படி இருக்காது என்றே கொள்ளலாம். மாடலிடம் "இது என்ன மீன்" என்று கேட்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் "இந்தக் கூடையை முன்பு பார்த்தாயே, நினைவிருக்கிறதா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இங்கே பலரும் `stratify` என்ற தெரிவை நம்பி ஏமாறுகிறார்கள். ஆறு வகை மீன்களின் விகிதம் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்குமாறு அது பார்த்துக்கொள்ளும்; ஒரே கூடையின் படங்கள் இரு பக்கமும் சிதறுவதை அது தடுக்காது. `train_test_split` செயற்கூறில் குழுவைக் குறிப்பிடும் வசதியே கிடையாது.

இரண்டாவது வழி, கூடைக்கு ஓர் எண் கொடுத்து, 300 கூடைகளில் 60-ஐ முழுமையாகச் சோதனைக்கு ஒதுக்குவது. மதிப்பெண் 93-க்கு இறங்கியது. பயிற்சியில் பார்த்தது சோதனைக்குள்ளும் வந்துவிடும் கசிவு அடைபட்டுவிட்டது என்று எண்ணி அறிக்கை எழுதத் தொடங்கியிருந்தேன். மறுநாள் இன்னும் சில படங்கள் எடுக்கத் துறைமுகத்துக்குச் சென்றபோது, ஏலத்துக்காகக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், நான் கூடைகளுக்குத் தனித்தனி எண் எழுதுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு தம்பி ஒண்ணொண்ணுக்கும் நம்பர் போடுற? இந்த அஞ்சு கூடையும் ஒரே படகுல வந்த மீனுதான்."

அவர் சொன்னதில் எனக்கு வேண்டிய விடை முழுமையாக இருந்தது. ஒரே படகின் ஐந்து கூடைகளும் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே ஐஸ் போட்டு, ஒரே நீலத் தார்ப்பாயின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டவை. அவற்றில் பெரும்பாலும் ஒரே வகை மீனே இருந்தது. முன்பு போட்ட கணக்கை இங்கும் போட்டுப் பார்க்கலாம்: சோதனைக் கூடை ஒன்றின் உடன்பிறப்புகளான மற்ற 4 கூடைகளும் சோதனைப் பக்கமே செல்லும் வாய்ப்பு 0.2-இன் நான்காம் அடுக்கு, 0.0016. 60 கூடைகளில் ஒன்றுக்குக்கூட அது வாய்க்காது. அதாவது கூடைவாரிப் பிரிப்பிலும் கசிவு நிற்கவில்லை. ஒரு படி மேலே ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, நாளையும் படகையும் சேர்த்து ஒரு குழுவாகக் கொள்வது. அப்போது 60 குழுக்கள் கிடைக்கும். அவற்றில் 12 சோதனைக்குச் செல்லும். மதிப்பெண் 85. ஆனால் அதே காலையில் வந்த மற்ற இரு படகுகளும் சோதனைப் பக்கமே இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 0.04 மட்டுமே என்பதால், 12 படகுகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் அதே காலையின் படகு ஒன்று பயிற்சிப் பக்கம் இருக்கும். ஒரு காலைக்குரிய வெளிச்சம், ஈரத் தரையின் பளபளப்பு, அன்று படம் எடுத்த போன் ஆகியவை எல்லாப் படகுகளுக்கும் பொதுவானவை. ஒரு காலையில் மூன்று படகிலும் மத்தியே வந்திருந்தால், டியூப்லைட் மஞ்சளாகத் தெரியும் படமெல்லாம் மத்தி என்று மாடல் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்க்கவும் முடியும். ஒவ்வொரு படத்திலும் மீன் இருக்கும் நடுப்பகுதியைச் சாம்பல் நிறக் கட்டத்தால் மறைத்துவிட்டு, கூடையின் விளிம்பும் தரையும் மட்டும் தெரியும்படி மாடலை மறுபடியும் பயிற்றுவித்து, முதல் வழியின் பிரிப்பில் சோதித்தேன். மீனே தெரியாத அந்தப் படங்களில், படம்வாரிப் பிரிப்பில் மாடல் நூற்றுக்கு 70 சரியாகச் சொன்னது. எதற்கும் "மத்தி" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் கிடைப்பது 30-தான். இந்தச் சோதனைக்கு அரை நாள் போதும். மேலாளருக்கு விளக்கவும் இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

நான்காவது வழி, நாளையே குழுவாகக் கொள்வது: 16 காலைகள் பயிற்சிக்கு, 4 காலைகள் சோதனைக்கு. மதிப்பெண் 80. இந்த நான்கில் நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். மாடல் நாளை பயன்படப்போவது அது இதுவரை பார்த்திராத ஒரு காலையில். ஆகவே சோதனையும் அப்படித்தான் அமைய வேண்டும். 97-க்கும் 80-க்கும் இடையிலான 17 புள்ளிகள் மாடலின் திறமை அல்ல. பிரித்த விதத்தின் விளைவு.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சோதனையில் இப்போதும் 480 படங்கள் இருந்தாலும், ஒன்றையொன்று சாராத அலகுகள் 4 மட்டுமே. அந்த நான்கில் ஒரு காலை மழையாக இருந்தாலே மதிப்பெண் பல புள்ளிகள் ஏறி இறங்கும். ஆகவே ஒரே ஒரு பிரிப்போடு நிற்காமல், ஒவ்வொரு காலையும் ஒருமுறை சோதனைக்கு வரும்படி ஐந்து சுற்றுகளாகச் செய்து, ஐந்து மதிப்பெண்களையும் எழுத வேண்டும். சராசரியை மட்டும் எழுதுவது போதாது. scikit-learn-இல் இதற்கு `StratifiedGroupKFold` உள்ளது. அது குழுக்களை உடைக்காமல், வகைகளின் விகிதத்தையும் முடிந்த அளவு காக்கும்.

```python
from sklearn.model_selection import StratifiedGroupKFold

sgkf = StratifiedGroupKFold(n_splits=5, shuffle=True, random_state=7)
for tr, te in sgkf.split(df, df["meen"], groups=df["naal"]):
    a = set(df["naal"].iloc[tr])
    b = set(df["naal"].iloc[te])
    assert not a & b
```

கடைசி வரியை எப்போதும் விட்டுவைக்க வேண்டும். பிறகு யாராவது பிரிக்கும் முறையை மாற்றினாலும், ஒரே நாள் இரு பக்கமும் வந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

"முடிந்த அளவு" என்று மேலே எழுதியது வஞ்சிரத்துக்காக. எங்கள் தொகுப்பில் வஞ்சிரம் மூன்று காலைகளில் மட்டுமே வந்தது. ஐந்து சுற்றுகளில் குறைந்தது இரண்டில் அது இருக்கவே இருக்காது. எந்தக் கருவியாலும் இதைச் சரிசெய்ய இயலாது. அந்த ஒரு வகைக்காகக் கூடைவாரிப் பிரிப்புக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்வது மற்ற ஐந்து வகைகளின் எண்களையும் கெடுத்துவிடும். வஞ்சிரத்தின் மதிப்பெண்ணைத் தனியாக எழுதி, மூன்று காலைகளை மட்டும் வைத்துச் சொல்வது இது என்று பக்கத்திலேயே குறிப்பிடுவதே சரி.

காலவரிசைப்படி பிரிப்பது இதன் நெருங்கிய உறவு. எங்கள் 20 காலைகளில் 16, ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்கு முந்தையவை. 4 காலைகள் ஜூன் 14-இல் தடை முடிந்ததற்குப் பிந்தையவை. அந்த நான்கை மட்டும் சோதனைக்கு வைத்தபோது மதிப்பெண் 76. இது மிகக் கடுமையான சோதனை, ஆனால் ஒருமுறைதான் செய்ய முடியும். தவிர, மதிப்பெண் குறைந்தது புதிய காலை என்பதாலா, வரும் மீனின் கலவையே மாறியதாலா என்று பிரித்தறியவும் முடியாது. ஆகவே மாடலைத் தேர்ந்தெடுக்க நாள்வாரி ஐந்து சுற்று, தேர்ந்தெடுத்த பிறகு கடைசியாக ஒரே ஒருமுறை தடைக்குப் பிந்தைய படங்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் அந்த நான்கு காலைகளை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதி 16-இல்தான் ஐந்து சுற்றையும் ஓட்ட வேண்டும். பயிற்சியை எப்போது நிறுத்துவது என்று பார்க்க ஒதுக்கும் சரிபார்ப்புப் படங்களும் நாள்வாரியாகவே பிரிக்கப்பட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நிறங்களின் சராசரியைப் பிரிப்பதற்கு முன்பே மொத்தப் படங்களிலும் கணக்கிடுவது தவறு என்று எல்லாப் பாடங்களும் எச்சரிக்கின்றன. தவறுதான், ஆனால் 2,400 படங்களின் சராசரிக்கும் 1,920 படங்களின் சராசரிக்கும் உள்ள வேறுபாடு மிக அற்பமானது. படங்களைத் திருப்பியும் வெட்டியும் பெருக்கிவிட்டுப் பிறகு பிரிப்பது அப்படியல்ல. அது முதல் வழியைவிடவும் மோசமானது, ஏனெனில் ஒரே படத்தின் பிரதிகளே இரு பக்கமும் சென்றுவிடும்.

அனுபவசாலிகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் வெளியான CheXNet ஆய்வின் முதல் வடிவத்தில் மார்பு எக்ஸ்ரே படங்கள் படம்வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அந்தத் தொகுப்பில் 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள் இருந்ததால், ஒரே நோயாளி இரு பக்கமும் வந்துவிட வழி இருந்தது. பிந்தைய வடிவத்தில் நோயாளிவாரியாகப் பிரித்துத் திருத்தினார்கள்.

நாள்வாரியாகப் பிரிக்க, எந்தப் படம் எந்த நாளுடையது என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் படங்களில் பாதி வாட்ஸ்அப்பில் வந்தவை. வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது, எடுத்த நேரம் முதலிய உள்விவரங்கள் நீங்கிவிடும். `IMG-20240316-WA0007.jpg` போன்ற பெயரில் உள்ள தேதி கேமராவில் எடுத்த நாளைக் குறிப்பதல்ல. சில படங்கள் எடுத்து இரண்டு நாள் கழித்து அனுப்பப்பட்டிருந்தன. `imagehash` நூலகத்தின் `phash` கொண்டு ஒத்த படங்களைத் தேடினேன். ஏறத்தாழ ஒரே மாதிரியான படங்களை அது பிடித்தது, ஆனால் அதே கூடையை வேறு கோணத்தில் எடுத்த படங்கள் அதற்குச் சிக்கவில்லை. கடைசியில் ஏலத்தில் எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கி, நாளையும் படகையும் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொருத்த மூன்று நாள் ஆனது. அடுத்த முறை சென்றபோது கூடைக்கு 8 படங்களுக்குப் பதில் 2 மட்டும் எடுத்து, மிச்சமான நேரத்தில் கூடுதலான காலைகள் சென்றோம். ஒவ்வொரு கூடையின் முதல் படத்திலும் தேதியும் படகும் எழுதிய அட்டை ஒன்று ஓரத்தில் இருக்கும். பயிற்சிக்கு முன் அந்த ஓரத்தை வெட்டிவிடுவோம்.