சுவரை நகர்த்துவதா, பின்னோக்கி நுழைவதா: 5 அடி பாத்ரூமுக்குள் வீல்சேர்

மதுரையில் திருநகர், விளாங்குடி பக்கம் இருபது முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளில் படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூம் பெரும்பாலும் ஐந்துக்கு ஏழரை அடி. பிளானில் 5 அடி என்றிருக்கும். பூச்சும் டைல்ஸும் இரண்டு பக்கமும் ஓர் இன்ச் தின்றதும் கையில் கிடைப்பது 58 இன்ச்தான். நீளம் 88. வீல்சேர் முழு வட்டமாகத் திரும்ப 60 இன்ச் விட்டம் வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு ஏடிஏ தரநிலை. இரண்டே இன்ச் குறைகிறது. அந்த இரண்டு இன்ச்சுக்காகச் சுவரை இடிக்கலாமா, வேறு வழி உண்டா என்பதுதான் கேள்வி.

இங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கு: தரைத்தள வீடு, 58-க்கு 88 இன்ச் அறை, கதவு குறுகிய சுவரில், எதிர்ச் சுவரின் இடது மூலையில் கம்மோடு. வீல்சேரின் அகலம் கைவளையத்தோடு சேர்த்து 25 இன்ச், கால் வைத்தபின் நீளம் 48.

வழி ஒன்று: சுவரைத் தொடாமல்

இதில் வண்டி பாத்ரூமுக்குள் திரும்புவதே இல்லை. படுக்கையறையிலேயே கட்டிலைக் கொஞ்சம் ஒதுக்கி, கதவுக்கு முன்னால் 60-க்கு 60 இன்ச் காலியாக வைத்து, அங்கேயே திருப்பிக்கொண்டு பின்னோக்கி உள்ளே போகிறார்கள். வெளியே வருவது முன்னோக்கி.

கம்மோடின் நடுக்கோடு இடது சுவரிலிருந்து 17 இன்ச்சில் இருந்தால், அதன் வலது விளிம்பு ஏறக்குறைய 24½ இன்ச்சில் முடியும். வலது சுவர் வரை 33½ இன்ச் அகலத்தில் ஒரு சந்து மிஞ்சுகிறது. 25 இன்ச் வண்டி அதில் நேராகப் பின்னால் போய்க் கம்மோடுக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் கதவைப் பார்த்தபடி இருப்பதால் பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். அதே சந்துதான் குளிக்கும் இடமும். படியில்லாமல் வண்டியோடு உருண்டுபோய்க் குளிக்கும் இடத்துக்கு ஏடிஏ கேட்பது 30-க்கு 60 இன்ச். அது இங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது.

இந்த அமைப்பில் கம்மோடு எப்போதும் வண்டியில் இருப்பவருடைய வலது கைப் பக்கம் வரும். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தவருக்கு அந்தப் பக்கம் தாவி உட்காருவது கடினம். அவருக்கு இடது வலமாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அப்படியென்றால் கழிவுக் குழாயையும் நகர்த்தியாக வேண்டும். கொத்தனாரைக் கூப்பிடும் முன்பே முடிவாக வேண்டிய விஷயம் இது.

வழி இரண்டு: சுவரை 2 அடி தள்ளுவது

படுக்கையறைப் பக்கம் 24 இன்ச் தள்ளினால் அகலம் 82. வட்டம் தாராளமாக உட்காரும், யார் துணையும் இல்லாமல் முன்னோக்கிப் போய்த் திரும்பி வரலாம், வாஷ்பேசினும் உள்ளேயே வரும். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை பத்துக்குப் பத்தாகச் சுருங்கும்.

ஆனால் அந்தச் சுவர் நாலரை இன்ச் தடுப்புச் சுவராக இருந்தால்தான் இந்தப் பேச்சு. ஒன்பது இன்ச் சுவர் மேலே கூரையைத் தாங்குகிற பழைய வீட்டில் பொறியாளர் பார்க்காமல் கடப்பாரை வைக்கக் கூடாது. மாடியில் செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாத்ரூமுக்குக் கீழே மட்டும்தான் ஸ்லாப் பள்ளமாக இறக்கியிருக்கும். புதிதாகச் சேர்த்த 2 அடிக்கு அந்தப் பள்ளம் இல்லை, அதனால் அங்கே வடிகால் போட முடியாது. அந்தப் பட்டையை வாஷ்பேசினுக்கு விட்டுவிட்டு, குளியலைப் பழைய பள்ளத்துக்கு மேலேயே வைத்துக்கொள்வதுதான் சரி. இல்லையென்றால் ஈரம் கீழ்வீட்டுக் கூரையில் எட்டிப்பார்க்கும்.

கதவு: இரண்டு வழிக்கும் தப்பிக்க முடியாத வேலை

இரண்டரை அடிக் கதவு என்பது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் 3 இன்ச் மரம் போனால் 24, திறந்த கதவின் கனமும் போனால் 23. நம் வண்டி 25. கைவளையத்தில் விரல் இருக்கும்போது கூட இன்னும் இரண்டிரண்டு இன்ச் வேண்டும். ஏடிஏ தரும் குறைந்தபட்சம் 32 இன்ச் சுத்தமான வழி.

மர நிலையில் அந்த 32 கிடைக்க வெளி அளவு மூன்றே கால் அடி வேண்டும். கிரானைட் நிலை என்றால் பலகை ஒன்றரை இன்ச்தான் கனம், மூன்று அடியிலேயே 33 இன்ச் வழி வந்து, ஓர் இன்ச் பிவிசி கதவு போக 32 நிற்கிறது. மேலூர் கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அடியில் தண்ணீர் குடித்து இற்றுப்போகும் மரத்துக்கு ஏன் போக வேண்டும்? அகலப்படுத்தும் முன் மேலே லிண்டல் சுவர் முழுக்க ஓடுகிறதா, கதவுக்கு மட்டும் நின்றுவிடுகிறதா என்று பூச்சைக் கொத்திப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் குறைந்தது 6 இன்ச் சுவரில் உட்காரும் புது லிண்டல் தேவை.

முதல் வழிக்குத் திறப்பு வலது மூலையை ஒட்டி வர வேண்டும், அப்போதுதான் வண்டி நேர்கோட்டில் பின்னால் போகும். கதவு உள்பக்கம் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பவர் கதவோரம் விழுந்தால் வெளியிலிருந்து தள்ள முடியாது. மிஞ்சுவது வெளிப்பக்கம் திறப்பதும் ஸ்லைடிங்கும். ஸ்லைடிங்குக்குப் பக்கத்துச் சுவரில் இன்னொரு கதவு அளவு வெற்றிடம் வேண்டும், ஓரத்தில் வாடையும் கசியும். சுவர் காலியாக இருந்தாலொழிய வெளிப்பக்கம் திறக்கும் கதவே போதும். பிவிசி மடிப்புக் கதவு சுலபம் போலத் தெரியும், ஆனால் மடிந்து நிற்கும் கட்டே நாலைந்து இன்ச் வழியைத் தின்றுவிடும்.

தரை: வேலை கெடுவது இங்கேதான்

வாசலில் இருக்கும் கல்படி போக வேண்டும். அது போனால் தண்ணீர் படுக்கையறைக்கு வரும் என்று கொத்தனார் சொல்வார். வாட்டம் சரியாக இல்லாவிட்டால் வரத்தான் செய்யும். வாசலில் படுக்கையறை மட்டமே இருக்க, எதிர்ச் சுவரை நோக்கி அடிக்குக் கால் இன்ச் இறக்கினால் கடைசியில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் இன்ச் தாழும். அதற்கு மேல் சாய்க்கக் கூடாது. பிரேக் போட மறந்த வண்டி தானாக நகரும், உட்கார்ந்திருப்பவரும் ஒரு பக்கம் சரிவார்.

மூலையில் ஒரு நானி டிராப் வைப்பது மலிவு. ஆனால் வாட்டம் இரண்டு திசையில் போவதால் தரை முறுக்கிக்கொள்ளும், வண்டியின் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையில் படாது, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் ஆடும். எதிர்ச் சுவர் நீளத்துக்கு நீளவடிகால் போட்டால் வாட்டம் ஒரே திசை. இதில் மட்டும் காசைப் பார்க்க வேண்டாம். ஜல்லடைத் துளை அரை இன்ச்சுக்குள் இருக்கட்டும், மூடி கழற்றும்படி இருக்கட்டும். போர் தண்ணீரின் உப்புப் படிந்து துளை அடைத்தால், அடைத்த அன்றே தண்ணீர் வாசலைத் தேடும்.

வாட்டர்புரூஃபிங் முடிந்ததும் டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்க வேண்டும். டைல்ஸ் போட்டபின் வாசலில் ஒரு குடம் ஊற்றி, கூடவே ஒரு கோலிக்குண்டை விட்டுப் பார்க்க வேண்டும். குண்டு நேராக வடிகாலுக்கு ஓட வேண்டும். நடுவில் நின்றாலோ கதவுப் பக்கம் திரும்பினாலோ அந்த டைல்ஸைப் பெயர்க்கச் சொல்லுங்கள். சாந்து இறுகுவதற்குள் சொன்னால் சண்டை குறைவு.

குளிக்க வீட்டு வண்டி ஆகாது, பேரிங் துருப்பிடித்துவிடும். நடுவில் துளையுள்ள குளியல் வண்டி வாங்குவார்கள். அதைக் கம்மோடு மேலேயே ஓட்டி நிறுத்துவதென்றால் கம்மோடு தாழ்வாக, 16 இன்ச்சுக்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்து உட்காருவதென்றால் வண்டி இருக்கைக்குச் சமமாக, சீட்டோடு 17 முதல் 19 இன்ச். இரண்டுக்கும் ஒரே கம்மோடு பொருந்தாது. உயரமானதை முதலில் வாங்கிப் பதித்துவிட்டு, பிறகு வந்த குளியல் வண்டி அதன்மேல் ஏறாமல் முட்டி நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது.

வாஷ்பேசினும் முழங்காலும்

பேசின் விளிம்பு தரையிலிருந்து 34 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது, அடியில் முழங்காலுக்கு 27 இன்ச் உயரம் வேண்டும். இடையில் இருப்பது 7 இன்ச்தான். கால் வைத்த பெடஸ்டல் பேசின் அந்த இடத்தையே அடைத்துவிடும். கிரானைட் மேடைக்கு அடியில் தொங்கும் பேசினில் கிண்ணம் முழங்காலில் இடிக்கும். மேடைமேல் வைக்கும் கிண்ணம் கணக்குப்படி நுழையும், ஆனால் அழகுக்காக முன்னால் தொங்கவிடும் நாலு இன்ச் கிரானைட் பட்டி அதைக் கெடுத்துவிடும். தாங்கலுக்கு வைக்கும் கடப்பா கற்களுக்கு இடையே 30 இன்ச்சாவது விட வேண்டும். சுவரில் மாட்டும் ஆழமில்லாத பேசின்தான் முதல் தேர்வு. அதன் பாட்டில் டிராப்பையும் பின்சுவரோடு ஒட்டித் தள்ளச் சொல்ல வேண்டும், நடுவில் தொங்கினால் முழங்காலுக்குக் கீழே காயம் படும். கால் உணர்வில்லாதவருக்கு அந்தக் காயம் தெரியவே தெரியாது.

நம் வீடுகளில் கை கழுவும் பேசின் ஹாலில்தானே இருக்கிறது. முதல் வழியில் போகிறவர்கள் பாத்ரூம் பேசினையே கழற்றிவிட்டு, ஹால் பேசினை இந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சந்து இன்னும் தாராளமாகும்.

பின்னால் ஓட்டிவிடத் துணைக்கு ஆள் எப்போதும் இருக்கும் வீட்டில் முதல் வழியே போதும், பாதி உடைப்பு மிச்சம். தானே வண்டியைத் தள்ளித் தனியாகப் போகிறவருக்கு, அதுவும் ராத்திரியில் போகிறவருக்கு, அந்த 24 இன்ச்சைப் படுக்கையறையிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. எதுவானாலும் உடைக்கும் முன் மொட்டை மாடியில் செங்கல் துண்டால் 58-க்கு 88 கோடு இழுத்து, கம்மோடு இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அவரையே வண்டியில் உட்காரவைத்து நாலு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். மாடிக்கு ஏற்ற முடியாதென்றால் தெருவாசல் போதும்.