மஞ்சள் ஏறிய படம்: குற்றவாளி ஒயிட் பேலன்ஸ்தானா?

சித்தி மகளின் வளைகாப்பில் நான் எடுத்த இரண்டு படங்கள். இரண்டிலும் மஞ்சள் தூக்கலாக இருந்தது. முதல் படம் ஒரு சொடுக்கில் சரியாகிவிட்டது. இரண்டாவது படத்தோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டினேன். பார்வைக்கு ஒரே நோய், ஆனால் காரணம் வேறு வேறு.

முதல் படம் பூஜையறையில் எடுத்தது. அங்கே குண்டு பல்பு மட்டும்தான் எரிந்தது. அதன் ஒளி ஏறக்குறைய 2700 கெல்வின்; இந்த எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். கேமராவில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸோ, சற்றுமுன் முற்றத்தில் எடுத்தபோது வைத்த பகல் வெளிச்ச அமைப்பிலேயே, அதாவது 5500 கெல்வினுக்குப் பக்கத்திலேயே, இருந்தது. நான் மாற்ற மறந்துவிட்டேன். தலைகீழாக, பல்பு அமைப்பை மாற்றாமல் வெளியே போய் எடுத்திருந்தால் படம் நீலமாகியிருக்கும்.

இரண்டாவது படம் கூடத்தில் எடுத்தது. இடப்பக்கம் திறந்த ஜன்னல், வலப்பக்கம் சுவரில் மஞ்சள் விளக்குகள்.

இரண்டையும் பிரித்தறிய, ஒயிட் பேலன்ஸ் செய்யும் வேலை எளிமையானது என்பதை நினைவில் வைத்தால் போதும். சிவப்பை இவ்வளவால் பெருக்கு, நீலத்தை இவ்வளவால் பெருக்கு என்று படம் முழுவதற்கும் ஒரே கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தப்பானால் தப்பும் எல்லா இடத்திலும் ஒரே அளவில்தான் இருக்கும். அதனால் படத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்திருக்க வேண்டிய இரண்டு இடங்களைப் பிடித்து எண்களைப் பார்க்கலாம். ஜிம்ப் போன்ற மென்பொருளில் வண்ணமெடுக்கும் கருவி இதைக் காட்டும்.

பூஜையறைப் படத்தில் வெள்ளைச் சுவரின் வெளிச்சமான இடம் சிவப்பு 230, பச்சை 210, நீலம் 170. அதே சுவரின் மங்கலான மூலை 115, 105, 85. சிவப்பை நீலத்தால் வகுத்தால் இரண்டிலும் 1.35 வருகிறது. எண்கள் பாதியானாலும் விகிதம் அசையவில்லை. சரி, இது ஒயிட் பேலன்ஸ் பிழைதான்.

கூடத்துப் படத்திலும் சுவர் அதே வெள்ளை. விளக்குப் பக்கம் 224, 200, 158. விகிதம் 1.42. ஜன்னல் பக்கம் 178, 190, 208. விகிதம் 0.86. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். இங்கே ஒயிட் பேலன்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. விளக்குப் பக்கத்தை வெள்ளையாக்கினால் ஜன்னல் பக்கம் இன்னும் நீலமாகிறது. நான் அன்று மாலை முழுக்கச் செய்தது இதைத்தான்: ஒரே ஸ்லைடரை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முகங்கள் விளக்குப் பக்கம் இருந்ததால் அவற்றுக்கு ஏற்பச் சரிசெய்து, ஜன்னல் பக்கத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு நீலத்தைக் குறைத்தேன். எடுக்கும்போதே விளக்கை அணைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

வெயிலில் எடுத்த படத்தில் நிழல் மட்டும் கொஞ்சம் நீலமாக இருப்பதும் இந்த இரண்டாம் வகைதான். நிழலுக்கு வெளிச்சம் தருவது வானம். அது இயல்பு, அதைத் திருத்த வேண்டாம் என்பது என் கட்சி.

மற்றவர்களைச் சுருக்கமாக விசாரித்துவிடலாம். மஞ்சள் பெயிண்ட் அடித்த சுவருக்குப் பக்கத்தில் நின்றவரின் ஒரு கன்னம் மட்டும் மஞ்சளாகி, தள்ளி நின்றவர் தப்பித்திருந்தால் அது சுவரின் பிரதிபலிப்பு. போனில் மஞ்சள், பக்கத்து ஆளின் போனில் சரி என்றால் முதலில் உங்கள் திரையின் இரவு ஒளி அமைப்பை அணைத்துப் பாருங்கள். பழைய சோடியம் தெருவிளக்கின் கீழ் எடுத்த படத்தில் நீலத்தின் எண் எங்கும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அங்கே ஒயிட் பேலன்ஸால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. நான் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவேன்.

இந்தச் சோதனை கவிழும் இடம் ஒன்று உண்டு: வெள்ளை என்று நாம் நம்பும் பொருள். நம் வீட்டு விசேஷப் படங்களில் கை தானாகவே வேட்டிக்குத்தான் போகும். வேட்டியோ நீலம் போட்டு அலசியது. அதை நடுநிலை என்று மென்பொருளுக்குச் சொன்னால், இல்லாத நீலத்தைக் கழிக்கப்போய்ப் படம் மொத்தமும் மஞ்சளாகும். பளீர் வெள்ளைக் காகிதத்திலும் வெளுப்பூட்டி இருப்பதால் பகல் வெளிச்சத்தில் லேசாக நீலம் தட்டும். தாடி நரைத்த பெரியவர்கள், எவர்சில்வர் தூக்கு எல்லாமே ஆபத்தான சாட்சிகள். எவர்சில்வர் எதிரே இருப்பவரின் புடவை நிறத்தையே காட்டும்.

அதனால் இப்போது முதல் படத்துக்கு முன் ஒரு சாம்பல் அட்டையை யார் கையிலாவது கொடுத்து ஒரு ஷாட் எடுத்துவிடுகிறேன். ஜன்னல் பக்கம் ஒன்று, விளக்குப் பக்கம் ஒன்று. இரண்டிலும் விகிதம் ஒரே அளவாக வந்தால், கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ராவ் கோப்பில் ஒரே சொடுக்கு. வராவிட்டால், ஆட்களை உட்கார வைப்பதற்கு முன்பே எந்த விளக்கை அணைப்பது என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிடுகிறேன்.