புரட்டாசியைத் தாங்குமா முட்டைச் சந்தா?

பெஸ்தாரி ஜெயாவில் கோழி வளர்க்கும் நண்பர் ஒருவர், புஞ்சாக் ஆலாம் அடுக்குமாடிகளுக்கு நம்மைப் போலவே வாராவாரம் சந்தாவில் முட்டை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வாட்ஸ்அப் குழு, முன்பணம், சனிக்கிழமை விநியோகம் எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். அவர் கேட்காத ஒன்றுதான் இந்தத் தொழிலில் ஆண்டுதோறும் கழுத்தைப் பிடிக்கிறது. அது புரட்டாசி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தாவில் வெள்ளிக்கிழமை இரவே மறுநாள் எத்தனை தட்டு போகும் என்று தெரிந்துவிடும். கடைக்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. முட்டை ஓட்டில் பென்சிலால் இட்ட தேதியைப் பார்த்துவிட்டு, வாங்குபவர்கள் அடுத்த மாதத்துக்கும் சேர்த்தே பணம் போடுகிறார்கள். இவ்வளவு நம்பிக்கையை மளிகைக் கடை வழியாகச் சம்பாதிக்கவே முடியாது.

ஆனால் செப்டம்பர் நடுவில் தமிழ்க் குடும்பங்கள் வரிசையாக, "அண்ணே, ஒரு மாசம் முட்டை வேணாம்" என்று அனுப்பத் தொடங்குவார்கள். விரதம் அவர்கள் உரிமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோழிதான் விரதம் இருப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 120 கோழி, நூற்றுக்கு 80 இட்டால் நாளுக்கு 96 முட்டை, வாரத்துக்கு 672. முப்பது முட்டைத் தட்டில் அது 22 தட்டுக்கு மேல். அதை நம்பி 22 வீட்டைச் சேர்க்கக் கூடாது. வெயில், இறகு உதிர்வு, வயது எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 65-க்கு இறங்கினால் வாரம் 546தான், 18 தட்டு. ஆகவே 18 வீடு போதும். நல்ல காலத்தில் மிஞ்சும் நான்கு தட்டை ரொட்டி சானாய்க் கடைக்குத் தள்ளிவிடலாம். இப்போது அந்தப் பதினெட்டில் எட்டு வீடு புரட்டாசிக்கு நின்றால், வழக்கமான நான்கு தட்டோடு இன்னும் எட்டுத் தட்டு வாரந்தோறும் தேங்கும். ஒரு ரொட்டி சானாய்க் கடை அவ்வளவையும் வாங்காது. வாங்கினாலும் விலையைக் குறைத்துத்தான் கேட்கும்.

சேர்த்து வைத்துக் கொடுக்கலாமே என்பார்கள். குளிர்பெட்டியில் முட்டை வாரக்கணக்கில் தாங்கும், உண்மைதான். வெளியே எடுத்ததும்தான் தொல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த ஓடு சில நிமிடங்களில் வியர்த்துவிடும். அந்த ஈரம் ஓட்டின் நுண்துளை வழியே கிருமியை உள்ளே இழுத்துச் செல்லும். காகிதத் தட்டும் ஊறி, பாதுகாவலர் அறையிலிருந்து மாடிக்குத் தூக்கும்போது நடுவில் தொய்யும். ஒருமுறை குளிரில் வைத்த முட்டையை மூடிய நுரைப்பெட்டியிலேயே கொண்டுபோய், வீட்டு வாசலில் திறந்து, நேரே அவர்கள் குளிர்பெட்டிக்குப் போகச் சொல்ல வேண்டும். பாதுகாவலரிடம் விட்டுவிட்டு வருவது குளிரில் வைக்காத புது முட்டைக்கு மட்டும்தான் சரி.

வேலை செய்யும் வழி கோழிக்கூட்டிலேயே இருக்கிறது. 120-ஐயும் ஒரே வயதில் வாங்காமல், அறுபது அறுபதாக இரண்டு கூட்டம் வையுங்கள். மூத்த அறுபதை ஆவணி முடிவதற்குள் விற்றுவிடுங்கள், புரட்டாசி பிறந்தால் கறிக்கோழிக்கும் நம் ஆட்கள் வரமாட்டார்கள். அந்த இடத்துக்குப் பதினாறு வார இளங்கோழி வரட்டும். மிஞ்சிய அறுபது, நூற்றுக்கு 80 கணக்கில் வாரம் 336 முட்டை இடும், 11 தட்டு. நிற்காத வீடு பத்து. ஒரு தட்டு கையிருப்பு. புதியவை பத்தொன்பது, இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அதாவது அக்டோபர் நடுவில், தீபாவளிக் கேக் வேலைக்கு வீட்டுக்கு இரண்டு தட்டு கேட்கும் நேரத்தில்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இளங்கோழியின் முதல் முட்டைகள் 45 கிராம் அளவில் சிறிதாக இருக்கும். 60 கிராம் முட்டைக்குப் பழகியவர்கள் தட்டைத் திறந்ததும் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. முப்பதுக்குப் பதில் நாற்பது கொடுங்கள். இரண்டுமே 1.8 கிலோ, யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பணத்தையும் மாதக் கணக்கில் வாங்காதீர்கள், தட்டுக் கணக்கில் வாங்குங்கள். நான்கு தட்டுக்குப் பணம் கட்டியவர் ஒரு மாதம் நின்றாலும் அவருடைய தட்டு அப்படியே இருக்கும், திருப்பித் தா என்ற பேச்சே எழாது. நிறுத்துவதென்றால் புதன் இரவுக்குள் சொல்ல வேண்டும். வெள்ளி இரவு பதினொரு மணிக்கு வரும் "நாளைக்கு வேணாம்" அடுத்த வாரத்துக்குத்தான் செல்லும் என்று சேரும் அன்றே சொல்லிவிடுங்கள்.

நண்பருக்குப் பதில்: சந்தா நல்ல முறை, கடைக்குப் போடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் பட்டியலில் மலாய், சீனக் குடும்பங்கள் பாதியாவது சேரும்வரை தொடங்காதீர்கள். எல்லாரும் நம்மவர்களே என்றால், மன்னிக்கவும், பேசாமல் கடைக்கே போடுங்கள்.