கிளினிக் ரிசெப்ஷனிஸ்ட் வேலை: "சிறு சிறு உதவிகள்" என்ற வரியை நம்பி நான் பட்ட பாடு

ஒரு படம், அதற்குக் கீழே சில வரிகள். "எங்கள் கிளினிக்கிற்கு ரிசெப்ஷனிஸ்ட் தேவை. பெண்கள் மட்டும். முன் அனுபவம் தேவையில்லை. நேரம்: காலை 9–1, மாலை 5–9. டோக்கன் கொடுத்தல், போன் எடுத்தல், டாக்டருக்குச் சிறு சிறு உதவிகள். சம்பளம் நேரில் பேசலாம்." இவ்வளவுதான். இதை நம்பித்தான் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டேன். இதே மாதிரி வாசகத்தைப் பார்த்து வேறு யாரும் கிளம்பிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நேரம். விளம்பரத்தில் போட்டிருந்தது டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் நேரம், நான் வேலை செய்யும் நேரம் அல்ல. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. டாக்டர் 9 மணிக்கு உட்கார வேண்டுமென்றால் 8:30-க்கே கதவைத் திறந்து, முந்தின நாள் குறிப்புகளை எடுத்து வைத்து, டோக்கன் நோட்டைத் தயார் செய்ய வேண்டும். கடைசி ஆள் போன பிறகு பில் கணக்கையும் கல்லாவையும் நேர்செய்தால் மதியம் 1:45 ஆகும், இரவு 10 ஆகும். மாலை 4:30-க்குத் திரும்ப வந்துவிட வேண்டும். கூட்டிப் பாருங்கள், எட்டு மணி நேரம் என்று போட்டது பத்தே முக்கால் மணி நேரம். நடுவில் கிடைக்கும் இடைவெளி வீட்டுக்குப் போய்வரவே சரியாக இருக்கும். அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஒரு காசு கிடையாது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னை உலுக்கியது அந்த "சிறு சிறு உதவிகள்".

முதல் வாரம் எடை பார்ப்பது, பெயர் கூப்பிடுவது என்றிருந்தது. அங்கே நர்ஸ் கிடையாது. இரண்டாம் வாரம் டிரஸ்ஸிங் தட்டை எடுத்து வைக்கச் சொன்னார்கள். பிறகு டாக்டர் போட்டு முடித்த ஊசிக்கு மூடி போட்டுக் குப்பையில் போடுவது என் வேலையானது. ஊசிக்கென்று கடினமான தனிப்பெட்டி வைத்திருக்க வேண்டும், பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது, அப்படியே அந்தப் பெட்டியில் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மாட்டும்போதுதான் கை தவறும். எனக்கும் அப்படித்தான், இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது.

"கழுவிட்டு வாங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். கழுவியது சரி. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், இரத்தம் வரட்டும் என்று பிதுக்கக் கூடாது. ஆனால் அதோடு விடக்கூடிய விஷயம் இல்லை அது.

மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, அது யாருக்குப் போட்ட ஊசி என்பது. என் டோக்கன் நோட்டில் இருந்தது: 23-ஆம் எண். அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், மறுக்காமல் வந்து இரத்தம் கொடுத்தார். அவருடைய முடிவு வரும்வரை எனக்கு எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, முழுதாக எடுத்தால் 28 நாள் என்றார்கள். அவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி எதுவும் இல்லை என்று வந்ததும் மாத்திரையை நிறுத்தினார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எனக்குப் போட்டதே இல்லை. அன்றே முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. இதை வேலையில் சேரும்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும். செலவும் என்னுடையது.

வேலையை விடப் போனபோது இன்னொன்று. சேரும்போது "சரிபார்த்துட்டுத் தர்றோம்" என்று என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருந்தார்கள். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் இருங்க, அப்புறம் தர்றோம்" என்றார்கள். நான்கு முறை நடந்து வாங்கினேன். அசலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரவே கூடாது. கொடுக்க வேண்டியது நகல் மட்டும்.

நேர்மையாகப் போடுவதென்றால் அந்த விளம்பரம் இப்படி இருந்திருக்கும்: "வேலை நேரம் காலை 8:30–1:45, மாலை 4:30–10. தனி நர்ஸ் இல்லை. ஊசி, டிரஸ்ஸிங் பொருட்களைக் கையாள வேண்டும். பயிற்சியும் தடுப்பூசியும் நாங்கள் தருவோம். சம்பளம் இவ்வளவு." இதைப் படித்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். விரும்பிப் போகிறவர் தெரிந்து போயிருப்பார்.

போன வாரம் அதே படமும் அதே வரிகளும் மறுபடி வந்திருக்கின்றன. போன் செய்பவர்கள் இரண்டே கேள்வி கேளுங்கள்: அங்கே நர்ஸ் இருக்கிறாரா? பயன்படுத்திய ஊசியை யார் எடுத்துப் போடுகிறார்கள்? "அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம்" என்று பதில் வந்தால், அங்கே அதை எடுத்துப் போடப் போவது நீங்கள்தான்.