பாயில் கோட்டுக்குச் சரி, சார்லஸ் கோட்டுக்கு ஆகாது: ஓ.ஹெச்.பி. ஷீட்டோடு நாலு வருஷம்

பிள்ளைகளின் கிராஃபைத் திருத்த நான் வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் ஓ.ஹெச்.பி. ஷீட்டில், போன வாரம் அச்சடித்த கோடு உரிந்துவிட்டது. நாலு வருஷமாகத் தாள்கள் மேல் வைத்து நகர்த்தி நகர்த்தி, வளைகோட்டின் நடுப்பகுதி செதில் செதிலாக வந்துவிட்டது. மார்க்கர் பேனாவால் மேலேயே வரைந்து பார்த்தேன். கோடு ஒரு மில்லிமீட்டருக்குத் தடித்துப்போய், திருத்துவதற்கு உதவாமல் ஆனது. அல்சூரில் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் புதிதாக ஒன்று எடுக்கக் கிளம்பும்போது, கீழ்வீட்டில் இந்த வருஷம் டியூஷன் ஆரம்பித்திருக்கும் பெண் கேட்டாள்: "அக்கா, எனக்கும் ஒண்ணு சேர்த்து எடுத்துட்டு வர்றீங்களா? நல்லாத்தான் இருக்கா அது?"

நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஐ.சி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வேதியியலில் வாயு விதிகள் பாடம் வருகிறது. பிள்ளைகள் கையால் கிராஃப் போட்டுக் கொண்டுவருவார்கள். சரியான கோட்டை ஒளி ஊடுருவும் ஷீட்டில் ஒரு தடவை அச்சடித்து வைத்துக்கொண்டால், அவர்கள் தாளின் மேல் வைத்ததுமே பிழை தெரிந்துவிடும். இதுதான் இதன் மொத்த வேலை.

அழுத்தம் ஏற ஏற வாயுவின் கனஅளவு அதே விகிதத்தில் குறையும் என்கிற பாயில் விதிக்கு இது செய்யும் உதவி பெரிது. நான் கொடுக்கும் அளவுகள்: 1 வளிமண்டல அழுத்தத்தில் 40 மி.லி., 2-ல் 20, 4-ல் 10, 5-ல் 8, 8-ல் 5. பெருக்கிப் பார்த்தால் எல்லாமே 40. கிடை அச்சில் 1 வளிமண்டலத்துக்கு ஒரு சென்டிமீட்டர், நிலை அச்சில் 4 மி.லி.க்கு ஒரு சென்டிமீட்டர். புள்ளி வைப்பதில் பிள்ளைகள் அதிகம் தப்பு செய்வதில்லை. புள்ளிகளை இணைக்கும்போதுதான் ஸ்கேலை எடுத்துவிடுகிறார்கள். வெறும் கண்ணால் பார்த்தால் அது வளைவு மாதிரியே இருக்கும். ஷீட்டை வைத்தால் முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் குட்டு வெளிப்படும். 1.5 வளிமண்டலத்தில் உண்மையான கனஅளவு 26.7 மி.லி. ஸ்கேல் கோடு 30 என்று காட்டும். தாளில் அது 8 மில்லிமீட்டர் இடைவெளி. அதே பிள்ளை 5-க்கும் 8-க்கும் நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்திருந்தால் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதனால் ஷீட்டை வைத்ததும் தலைப்பகுதியைத்தான் பார்க்க வேண்டும், வாலை அல்ல. இதை நான் ஷீட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் பல வருஷம் கோட்டை முழுதாக ஒரு பார்வை பார்த்து டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. சிலர் கோட்டைக் கொண்டுபோய்க் கிடை அச்சிலேயே இறக்கிவிடுவார்கள். 10 வளிமண்டலத்திலும் 4 மி.லி. மிச்சம் இருக்கிறது, அதாவது கோடு அச்சுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அச்சைத் தொட்டால் வாயு காணாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, இனிமேல் எரிச்சல்.

முதல் எரிச்சல் ஜெராக்ஸ். பிள்ளைகள் கடையில் வாங்கும் கிராஃப் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் பாதிப் பேர் தோழியின் தாளை நகலெடுத்துக்கொண்டு வருவார்கள். கடைக்காரர் சுருக்கி எடுத்திருந்தால் கட்டங்கள் 97 சதவீதமாகிவிடும். பார்த்தால் தெரியாது. இரண்டாவது வருஷம் ஒரு பெண்ணுக்கு நான் மூன்று புள்ளிகளைச் சுழித்து மார்க் குறைத்தேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "மிஸ், கட்டத்தை எண்ணிப் பாருங்க, எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றாள். எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. ஸ்கேலை வைத்தபோது பத்துக் கட்டம் 9.7 சென்டிமீட்டர். அவளிடம் மன்னிப்புக் கேட்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அதற்குமுன் எத்தனை பேருக்கு இப்படிக் குறைத்திருப்பேன் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தாள் சுருங்கியிருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஆதிப்புள்ளியை நோக்கியே நகர்ந்திருக்கும், தூரம் போகப் போக நகர்வு கூடும். பிள்ளை செய்த பிழை அப்படி ஒழுங்காக வராது, ஒரு புள்ளி மட்டும் எங்காவது ஓடியிருக்கும். நம் ஷீட்டை அச்சடிக்கும்போதும் இதே கதைதான். கடைக்காரரின் திரையில் `Fit` இருந்தால் அதை `Actual size` என்று மாற்றச் சொல்லி, வெளியே வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் கோபம், கெல்வினில் எடுத்த வெப்பநிலை ஏறினால் கனஅளவும் அதே விகிதத்தில் ஏறும் என்கிற சார்லஸ் விதியில்தான்.

அதே ஷீட்டின் மறுபாதியில் ஆதிப்புள்ளியிலிருந்து ஒரு நேர்கோடு அச்சடித்து வைத்திருந்தேன். பிள்ளைகள் அவரவர் அளவுத்திட்டத்தில் போடுவதால் ஷீட்டைச் சாய்த்து, கோட்டோடு கோடு ஒட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஒட்டாமல் எங்கே போகும்? எந்த நேர்கோடும் எந்த நேர்கோட்டின் மேலும் உட்காரும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்க ஒரு பையன் வேண்டியிருந்தது.

அவனுக்குக் கொடுத்த அளவுகள்: 27 °C-ல் 60 மி.லி., 52-ல் 65, 77-ல் 70, 102-ல் 75, 127-ல் 80. கெல்வினுக்கு மாற்றிப் போடு என்பது கேள்வி. கோடு அழகான நேர்கோடு. கிடை அச்சில் "வெப்பநிலை (K)" என்று தெளிவாக எழுதியிருந்தான், நிலை அச்சில் "கனஅளவு (மி.லி.)". ஷீட்டை வைத்தேன், ஒட்டியது, டிக் போட்டேன். மறுநாள் வகுப்பில் கோட்டைப் பின்னால் நீட்டி 0 K-ல் கனஅளவு என்ன என்று கேட்டேன். அவன் நிதானமாக, "ஏறக்குறைய 55 மி.லி., மிஸ்" என்றான். தாளை வாங்கிப் பார்த்தேன். அச்சில் 0, 10, 20, 30 என்று போய் 130-ல் முடிந்திருந்தது. மாற்றவே இல்லை. செல்சியஸ் எண்களின் கீழே K என்ற எழுத்தை மட்டும் எழுதியிருந்தான். அவன் சொன்ன 55, உண்மையில் 0 °C-ல் இருக்கும் 54.6 மி.லி. அவன் படித்த அளவு சரி, பெயர்தான் தப்பு. அதை நான்தான் முதல் நாளே பிடித்திருக்க வேண்டும்.

செல்சியஸில் போட்டாலும் கோடு நேர்கோடுதான். கெல்வினில் போட்டாலும் அதே நேர்கோடுதான். 273 கூட்டுவது கோட்டைப் பக்கவாட்டில் நகர்த்துகிறதே தவிர வளைப்பதில்லை. ஆகவே வடிவத்தைப் பார்த்து மாற்றம் நடந்ததா என்று சொல்லவே முடியாது. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் எடுத்து வகுத்துப் பார்க்க வேண்டும். 80-ஐ 60-ஆல் வகுத்தால் 1.33. 400-ஐ 300-ஆல் வகுத்தாலும் 1.33. 127-ஐ 27-ஆல் வகுத்தால் 4.7. பத்து விநாடி வேலை, ஷீட் தேவையில்லை.

மாற்றியவர்களிடமும் ஒரு பிழை வரும். நான் சில வருஷம் −23 °C-ல் 50 மி.லி. என்ற அளவையும் சேர்த்துக் கொடுப்பேன். குறியைக் கவனிக்காமல் 273-ஓடு 23-ஐக் கூட்டி 296 K என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 250 K. அந்த ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு 46 கெல்வின் வலப்பக்கம் தள்ளி நிற்கும், அதாவது 23-ன் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கைப் பார்த்ததுமே பிழை எங்கே நடந்தது என்று தெரிந்துவிடும். சிலர் அந்தப் புள்ளியையும் விட மனமில்லாமல் கோட்டை அங்கே வளைத்துவிடுகிறார்கள், பாவம்.

இன்னொரு கூட்டம், கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போக வேண்டும் என்று மனப்பாடம் செய்தது. அச்சை 280 K-லும் 50 மி.லி.யிலும் தொடங்கிவிட்டு, அந்த மூலையை ஆதிப்புள்ளி என்று நினைத்துக் கோட்டை அங்கே இழுத்துச் சொருகுவார்கள். 280 K-ல் 56 மி.லி. இருக்க வேண்டும், மூலைக்கு ஆறு மி.லி. மேலே. மூலையில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று படிக்காமல் இதைப் பிடிக்க முடியாது.

அப்புறம் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். செல்சியஸில் போட்டு, அச்சில் °C என்று ஒழுங்காக எழுதி, கோட்டைப் புள்ளிக்கோடாகப் பின்னால் நீட்டினால் அது −273-க்குப் பக்கத்தில் அச்சைத் தொடும். கேள்வி கெல்வின் கேட்காதபோது இந்தக் கிராஃபில் பிழை எதுவும் கிடையாது. சரியாக −273 வரவில்லை என்று வெட்டவும் கூடாது. 127 °C-ல் உள்ள புள்ளியை ஒரே ஒரு மி.லி. மேலே வைத்துவிட்டால்கூட, 27-ல் உள்ள புள்ளியோடு சேர்த்து இழுக்கும் கோடு −259-ல் போய் முடியும். கையால் போட்ட கிராஃபுக்கு அது நல்ல விடைதான். −273 என்று துல்லியமாக வந்திருந்தால்தான், அங்கிருந்து தொடங்கிக் கோடு போட்டானா என்று பார்க்கத் தோன்றுகிறது. °K என்று எழுதுகிறவர்களிடம் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 1967-லேயே அந்தச் சுழியை எடுத்தாயிற்று, வெறும் K போதும்.

ஆக, பாயிலுக்கு இதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை, எனக்குப் புதிய ஷீட் அச்சடித்தும் வாங்கிவிட்டேன். கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் வாங்கவில்லை. "உனக்கு இப்போ வேண்டாம்மா" என்று சொல்லி ஒரு 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலைக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அவளுடைய முதல் கட்டு கிராஃப் தாள்களை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கோட்டை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, முதலில் கிடை அச்சின் மூலையில் உள்ள எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னேன். பதினொன்றில் நான்கு தாளில் அச்சுக்குக் கீழே K என்று எழுதியிருந்தது, எண்கள் 130-ல் முடிந்திருந்தன.